மா நான்கு மடங்காக எவ்வளவு நேரம் எடுக்கும்? இரட்டிப்புக் கணக்கு பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும்

கேள்வி: "கல்முனையில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். குழைத்த பாண் மா 3 லீற்றர் அளவு இருந்தால் 50 நிமிடத்தில் 6 லீற்றர் ஆகிறது. 12 லீற்றர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உயர்தரம் படிக்கும் மகளிடம் கேட்டேன். பற்றீரியாக் கணக்கு மாதிரித்தான், 100 நிமிடம் என்றாள். 100 நிமிடத்தில் 9 லீற்றர் அளவுக்குத்தான் வந்தது. பிறகு கொஞ்ச நேரத்தில் மா இறங்கிவிட்டது. கணக்கில் பிழையா, மாவில் பிழையா?"

உங்கள் மகள் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறார், மாவும் தன் இயல்பின்படியே நடந்திருக்கிறது. பற்றீரியா பெருகும் விதத்துக்கு எழுதப்பட்ட சூத்திரத்தைப் பாண் மா பொங்கும் விதத்துக்குப் போட்டதில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டையும் நாம் "இரட்டிக்கிறது" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் உள்ளே நடப்பவை வேறு. மட்டக்களப்பில் நுண்ணுயிரியல் ஆய்வுகூட வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். ஆரையம்பதியில் என் மைத்துனரின் வெதுப்பகத்தில் விடியற்காலை மாவுக்கு வெப்பமானி குத்திப் பார்த்த பழக்கமும் உண்டு. ஆகவே இரண்டு பக்கத்தையும் வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் மகளின் கணக்கை அதற்கு உரிய இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பற்றீரியாக் கலம் பிளந்து இரண்டாகிறது, அந்த இரண்டும் பிளந்து நான்காகின்றன. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கலமும் அடுத்த சுற்றில் தானும் பிளக்கிறது என்பதால், எந்த நேரத்திலும் பெருகும் வேகம் அந்த நேரத்தில் இருக்கும் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக இருக்கும். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறினால் இரட்டிக்கும் நேரம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: நூறிலிருந்து இருநூறாக எடுக்கும் நேரமும், ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடியாக எடுக்கும் நேரமும் சமம். அப்போது இலக்கை அடையும் நேரத்தைக் காண, எத்தனை தடவை இரட்டிக்க வேண்டும் என்று எண்ணி, அதை இரட்டிக்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். எட்டு மடங்குக்கு மூன்று இரட்டிப்பு, பதினாறு மடங்குக்கு நான்கு. பன்னிரண்டு மடங்கு போல இடையில் விழும் இலக்குக்கு மடக்கை தேவைப்படுகிறது:

```
t = T × log(N / N0) / log 2
```

இதில் T என்பது இரட்டிக்கும் நேரம், N0 தொடக்க அளவு, N இலக்கு. log 2 இன் பெறுமானம் 0.301. பன்னிரண்டின் மடக்கை 1.079 என்பதால், அதை 0.301 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.58 இரட்டிப்புகள் வருகின்றன. இந்தக் கணிதத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் எழுவதெல்லாம் அந்த T என்ற ஒரு எண்ணைச் சுற்றித்தான்: அது உண்மையில் மாறாமல் இருக்கிறதா, எப்போதிருந்து மாறாமல் இருக்கிறது, எதுவரை மாறாமல் இருக்கும் என்பவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் விளங்கும். எஷெரிக்கியா கோலை பற்றீரியாவை ஊட்டத் திரவத்தில் 37 பாகையில் குலுக்கி வளர்த்து, அதன் கலங்கல் 0.6 என்ற அளவை எட்டும் தறுவாயில் ஐஸில் வைத்து நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட வேலை. கலங்கலை ஒளிமானியில் அளப்போம். பற்றீரியா கூடக்கூடத் திரவம் ஒளியை மறிக்கும், கருவி காட்டும் எண்ணும் கூடும். காலை 9 மணிக்கு, முதல் நாள் இரவு வளர்ந்த வளர்ப்பிலிருந்து சிறிதளவு எடுத்துப் புதிய திரவத்தில் விட்டேன், கருவி 0.05 காட்டியது. அந்தத் திரவத்தில் இரட்டிக்கும் நேரம் 30 நிமிடம் என்று குறிப்பேட்டில் இருந்தது. 0.05 இலிருந்து 0.6 பன்னிரண்டு மடங்கு, 3.58 ஐ 30 ஆல் பெருக்கினால் 108 நிமிடம். எனவே 10.48 க்குப் போய்ப் பார்த்தேன். கருவி 0.21 தான் காட்டியது. வளர்ப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மனம் சோர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டு, மதியச் சாப்பாட்டின் பின் திரும்பி வந்து பார்த்தபோது திரவம் மோர் போலத் தடித்திருந்தது. அன்றைய வேலை வீண்.

மறுநாள் மூத்த அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று, அரை மணிக்கொரு தடவை அளக்கச் சொன்னார். 9 மணிக்கு 0.05, 9.30 க்கும் அதே 0.05, 10 மணிக்கு 0.07, 10.30 க்கு 0.14, 11 மணிக்கு 0.28. பத்து மணிக்குப் பிறகு இரட்டிக்கும் நேரம் குறிப்பேட்டில் இருந்தபடி சரியாக 30 நிமிடமாகவே இருந்தது. பிழை முதல் மணித்தியாலத்தில் இருந்தது. பழைய, உணவு தீர்ந்த திரவத்திலிருந்து வந்த கலங்கள் புதிய திரவத்தில் தம்மைத் தயார்படுத்திக்கொள்ள நேரம் எடுக்கின்றன. அந்த நேரத்தில் அவை பிளப்பதில்லை. உயர்தரப் பாடத்தில் தயக்க அவத்தை என்று வருவது இதுதான். எங்கள் வளர்ப்பில் அது முக்கால் மணித்தியாலம் இருந்தது, என் கணக்கும் ஏறக்குறைய அந்த அளவாலேயே பிழைத்தது. அவர் செய்த கணக்கு தொடக்கத்தை அடியோடு விட்டுவிட்டது. 11 மணிக்கு 0.28, இலக்கு 0.6, விகிதம் 2.14, அது 1.1 இரட்டிப்பு, 33 நிமிடம். 11.33 க்கு எடுக்கலாம் என்றார். திரவத்தைப் பாதிக்குப் பாதி ஐதாக்கி அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்தபோது இலக்குக்கு மிக அருகில் நின்றது. பல கருவிகளில் கலங்கல் கூடிய பிறகு காட்டும் எண், கலங்களின் தொகையைவிடப் பின்தங்கிவிடும்; ஐதாக்கி அளப்பது அதற்காகவே.

அன்று நான் பிடித்துக்கொண்டது, கணக்கை விதைத்த நேரத்திலிருந்து தொடங்காமல், இரட்டிப்பு சீராக நடப்பதைக் கண்ணால் கண்ட ஒரு நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத்தான். மறு கோடியிலும் ஓர் எல்லை இருக்கிறது. நல்ல ஊட்டத் திரவத்தில் இந்தப் பற்றீரியா ஒரு மில்லிலீற்றருக்குச் சில நூறு கோடிக் கலங்கள் வரை பெருகியபின் உணவும் ஒட்சிசனும் குறைந்து, கழிவு சேர்ந்து, பெருக்கம் நின்றுவிடும். அந்த எல்லை நெருங்கத் தொடங்கும்போதே இரட்டிக்கும் நேரம் நீளும். எனவே இலக்கு அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தால் சூத்திரத்தை நம்பலாம். அருகில் இருந்தால் அது காட்டும் நேரம் உண்மையான நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

இனி உங்கள் வாளிக்கு வருவோம். ஈஸ்டும் உயிருள்ள கலமே, அதுவும் பெருகக்கூடியதே. ஆனால் பாண் மாவுக்கு நீங்கள் போடும் ஈஸ்டின் தொகை மிகப் பெரிது. ஒரு கிராம் உலர் ஈஸ்டில் ஆயிரம் கோடி என்ற அளவில் கலங்கள் இருக்கின்றன. அவ்வளவு கலங்கள் ஒரே நேரத்தில் மாவுக்குள் இறங்கும்போது, ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அவற்றின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. நல்ல வசதியான திரவத்தில்கூட வெதுப்பக ஈஸ்டுக்கு ஓர் இரட்டிப்புக்கு ஒன்றரை மணித்தியாலம் போலத் தேவை. தயக்க நேரம் அதற்கு மேலதிகம். ஆகவே உங்கள் வாளியில் முதல் நிமிடத்தில் இருந்த வேலையாட்களே நூறாவது நிமிடத்திலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் சீனியை உடைத்து வாயுவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளிவிடுகிறார்கள். மாவின் அளவு கூடியதால் வாயு வரும் வேகம் கூடாது. 6 லீற்றர் மாவுக்குள் இருக்கும் ஈஸ்ட், 3 லீற்றர் மாவுக்குள் இருந்த அதே ஈஸ்ட்தான். எனவே முதல் 50 நிமிடத்தில் 3 லீற்றர் கூடினால், அடுத்த 50 நிமிடத்திலும் 3 லீற்றர் அளவே கூடும். 3, 6, 9 என்று வரும். 3, 6, 12 என்று வராது. நீங்கள் கண்ட 9 லீற்றர் அதுவே.

இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் எண்கள் அழகாக ஒத்துவருகின்றன. 3 லீற்றர் குழைத்த மா என்றால் 2 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கோதுமை மாவும் ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஈஸ்ட் வெளிவிடும் காபனீரொட்சைட்டு முதலில் அந்தத் தண்ணீரில் கரைகிறது. 30 பாகை அளவில் ஒரு லீற்றர் தண்ணீர் அந்த வாயுவில் முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் மாவில் ஏறக்குறைய 0.8 லீற்றர் வாயு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. தண்ணீர் நிறைந்த பிறகே, குழைக்கும்போது மாவுக்குள் அகப்பட்ட சிறு காற்றுக் குமிழிகளுக்குள் வாயு புகுந்து அவற்றை ஊதத் தொடங்குகிறது. 50 நிமிடத்தில் 3 லீற்றர் எழும்பியது என்றால் உண்மையில் உண்டான வாயு 3.8 லீற்றர்; அதாவது நிமிடத்துக்கு 76 மில்லிலீற்றர். முதல் 10, 11 நிமிடம் மா அசையாதது போலக் கிடப்பதும் இதனால்தான். இந்த வேகத்தில் 12 லீற்றர் ஆக, கரைந்ததையும் சேர்த்து 9.8 லீற்றர் வாயு வேண்டும். அதற்கு 129 நிமிடம். நூறாவது நிமிடத்தில் 9.8 லீற்றர் நின்றிருக்க வேண்டும். உங்களுக்கு 9 தான் வந்தது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் மாவின் மேற்பரப்பால் கசிந்து போன வாயு என்று கருதுகிறேன். இந்த ஓர் இடம் ஊகம். வாளியின் அளவை நீங்கள் கண்மதிப்பாகச் சொல்லியிருந்தால் வித்தியாசம் அதிலும் இருக்கலாம்.

அப்படியென்றால் 129 ஆவது நிமிடத்தில் ஏன் வாளி நிறையவில்லை? சீனி தீர்ந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றும். 180 கிராம் குளுக்கோசு உடைந்தால் 30 பாகையில் ஏறக்குறைய 50 லீற்றர் வாயு கிடைக்கும். முதல் 3.8 லீற்றருக்கு வேண்டியது வெறும் 14 கிராம். 9.8 லீற்றருக்கு 35 கிராம் போதும். மாவில் இயல்பாக உள்ள சீனியும், மாப்பொருளை நொதியங்கள் உடைப்பதால் கிடைக்கும் மோற்றோசும், நீங்கள் கையால் போட்ட சீனியும் சேர்ந்தால் அது எட்டக்கூடிய அளவே. மாவை இறக்கியது அதன் சுவர். வாயுவைப் பிடித்து வைத்திருப்பது குளுட்டன் என்ற இழுபடும் புரதவலை. குமிழி பெருக்கப் பெருக்க அந்தச் சுவர் மெலிகிறது. ஒரு கட்டத்தில் பக்கத்துக் குமிழிகள் ஒன்றுக்குள் ஒன்று உடைந்து, வாயு மேலே வெளியேறி, மா நடுவில் குழிந்து இறங்குகிறது. என் மைத்துனரின் வெதுப்பகத்தில் சாதாரண கோதுமை மா மூன்று மடங்கைத் தாண்டிய பிறகு நம்பிக்கையோடு நின்றதை நான் அதிகம் கண்டதில்லை. எந்த மடங்கில் உடையும் என்பது மாவின் புரத அளவு, எவ்வளவு நன்றாகக் குழைத்தீர்கள், உப்பு, தண்ணீர் என்று பலவற்றைப் பொறுத்தது. இதை எந்தச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லாது. உங்கள் மாவை ஒரு தடவை வேண்டுமென்றே இறங்கும்வரை விட்டுப் பார்த்தே அறிய முடியும்.

கையில் இருக்கும் பொருள் எந்த விதத்தில் வளர்கிறது என்பதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. சம இடைவெளியில் மூன்று அளவுகள் எடுங்கள். அடுத்தடுத்த அளவுகளைக் கழித்தால் ஒரே எண் வருகிறதென்றால் அது சீராகக் கூடுகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒரே எண் வருகிறதென்றால் அது இரட்டிப்பு வளர்ச்சி. என் பற்றீரியா 0.07, 0.14, 0.28: வகுத்தால் இரண்டு இடத்திலும் 2. உங்கள் மா 3, 6, 9: கழித்தால் இரண்டு இடத்திலும் 3. இரண்டே இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. 3 இலிருந்து 6 என்பது இரண்டு விதத்துக்கும் பொருந்தும். மகளுக்குக் கிடைத்தவை இரண்டு அளவுகளே, அதனால் அவர் படித்த விதத்தைப் பொருத்தியதில் குற்றமில்லை. அளப்பதற்கு வாளி நல்ல கருவி அல்ல, அது மேலே போகப்போக அகலும். பாதி உயரம் பாதிக் கொள்ளளவு ஆகாது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான கண்ணாடிக் குவளையில் ஒரு கைப்பிடி மாவை அமுக்கி வைத்து, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு, கால் மணிக்கொரு தடவை அடிமட்டத்தால் உயரத்தை அளந்தால் போதும். குவளையை வாளிக்குள் மாவோடு ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. தனியே மேசையில் வைத்த சிறிய மா அறையின் வெப்பத்துக்கு விரைவில் வந்துவிடும், பெரிய மாவோ தன் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் சமையலறையிலேயே மகளின் சூத்திரம் வேலை செய்யும் ஓர் இடம் இருக்கிறது: இரவு கரைத்து வைத்து விடிய ஊற்றும் அப்ப மா. அதற்கு ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் விடுகிறோம். கலங்கள் குறைவு, நேரம் நீளம். ஆகவே அங்கே ஈஸ்ட் உண்மையிலேயே பெருகுகிறது. கணக்குக்காக, கலங்கள் 2 மணிக்கொரு தடவை இரட்டிக்கின்றன என்றும், கரையும் வாயுவைப் பொருட்படுத்தவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்குக் கரைத்த 4 லீற்றர் மாவில் இரவு 10 மணிக்குக் கால் லீற்றர் வாயு இருந்தால், 12 மணிக்கு அரை லீற்றர், 2 மணிக்கு ஒரு லீற்றர், 4 மணிக்கு 2, காலை 6 மணிக்கு 4 லீற்றர். பாத்திரத்தில் நீங்கள் காணும் மட்டமோ 4.25, 4.5, 5, 6, 8. நடுச்சாமம் வரை அசையாமல் கிடந்த மா விடியப்புறம் பாத்திரத்தை விட்டு வழிவது இதனால்தான். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: இரட்டிப்பது வாயு மட்டுமே, முழு மாவும் இரட்டிப்பதில்லை. 2 மணிக்கு 5 லீற்றராக இருந்த மா 8 லீற்றராக எத்தனை மணிக்கு வரும் என்று 5 ஐயும் 8 ஐயும் சூத்திரத்தில் போட்டால் ஒரு மணித்தியாலம் 20 நிமிடம் என்று பிழையான விடை வரும். மாறாத அந்த 4 லீற்றரைக் கழித்துவிட்டு, 1 இலிருந்து 4 என்று போட்டால் இரண்டு இரட்டிப்பு, 4 மணித்தியாலம் என்று சரியாக வரும்.

இதிலிருந்து தொழிலுக்கு உதவும் ஒரு வேறுபாடும் பிறக்கிறது. பாண் மாவில் ஈஸ்டைப் பாதியாக்கினால் வேலையாட்கள் பாதியாகிறார்கள், ஆகவே நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 50 நிமிடம் 100 நிமிடத்துக்குக் கிட்டப் போகும். அப்ப மாவில் ஈஸ்டைப் பாதியாக்கினால் பன்னிரண்டு மணித்தியாலம் இருபத்துநான்கு ஆகாது. ஒரேயொரு இரட்டிப்பு நேரம் மட்டுமே தாமதமாகும், அதாவது காலை 6 மணிக்கு வந்தது 8 மணிக்கு வரும். எருமைப் பாலுக்கு உறைமோர் விடுபவர்களும் இதை அனுபவத்தால் அறிந்திருப்பார்கள்: உறை கொஞ்சம் குறைந்துவிட்டால் தயிர்ச்சட்டி சற்றுப் பிந்தி உறையுமே தவிர, அரைவாசி உறைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுப்பதில்லை.

வெப்பநிலை இரண்டு விதத்தையும் ஒரே மாதிரிப் பாதிக்கிறது, நம் ஊரில் இது சின்ன விடயமும் அல்ல. ஈஸ்டைப் பொறுத்தவரை 20 இலிருந்து 35 பாகைக்குக் கிட்டிய அளவுவரை, 10 பாகை கூடினால் வேகம் இரண்டு மடங்கு அளவில் கூடும் என்று கொள்ளலாம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் உங்கள் மா 32 பாகையில் 50 நிமிடத்தில் இரண்டு மடங்கானால், மார்கழி மழையில் மா 26 பாகையில் இருக்கும்போது அதே வேலைக்கு 75 நிமிடம் போலச் செல்லும். 40 பாகை தாண்டினால் இந்த விதி தலைகீழாகும். ஈஸ்ட் களைத்து, 60 பாகை நெருங்கும்போது இறந்துவிடும். நான் சொல்வது மாவுக்குள் குத்திய வெப்பமானி காட்டும் எண்ணை. சுவரில் தொங்குவது காட்டும் எண்ணை அல்ல. இயந்திரத்தில் குழைத்த மா உராய்வால் அறையைவிடச் சூடாக இருக்கும், அதனாலேயே வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீரில் குழைக்கிறார்கள்.

கணித்த நேரத்தில் எவ்வளவு பிழை வரலாம் என்பதையும் மகளுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். இரட்டிக்கும் நேரத்தைப் பத்து வீதம் பிழையாக அளந்திருந்தால், இலக்கை அடையும் நேரமும் பத்து வீதம்தான் பிழைக்கும். அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் கேள்வியைத் திருப்பி, "ஐந்து மணித்தியாலத்தின் பின் எத்தனை கலங்கள் இருக்கும்?" என்று கேட்டால் நிலைமை மாறும். 30 நிமிட இரட்டிப்பில் அது பத்து இரட்டிப்பு, 1024 மடங்கு. உண்மையான இரட்டிப்பு நேரம் 33 நிமிடமாக இருந்தால் ஒன்பது இரட்டிப்புக்குச் சற்று மேலேதான் நடந்திருக்கும்; எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே எப்போது என்று கேட்பதற்குச் சூத்திரம் துணிவான விடை தரும், எவ்வளவு என்று கேட்பதற்கு அதே துணிவோடு தராது.

உங்கள் வேலைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். 12 லீற்றர் வாளியை நிறைக்க வேண்டும் என்ற இலக்கை விட்டுவிடுங்கள். அந்த மா அங்கே போய்ச் சேராது. 3 லீற்றர் மாவை 7 லீற்றர் அளவில் எடுத்து அமுக்கிப் பிரியுங்கள். உங்கள் இன்றைய வேகத்தில் அது 63 ஆவது நிமிடம் போல வரும். 25 ஆவது நிமிடத்திலும் 45 ஆவது நிமிடத்திலும் குவளையில் இரண்டு அளவு எடுத்து, இடையில் கூடிய உயரத்தை இருபதால் வகுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று கிடைக்கும்; மீதமுள்ள உயரத்தை அதனால் வகுத்தால் இன்னும் எத்தனை நிமிடம் என்று வரும். முதல் கால் மணித்தியாலத்து அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாவை விரலால் மெல்ல அழுத்தும்போது குழி மெதுவாகப் பாதிவரை மட்டும் நிரம்பினால் கணக்கும் மாவும் ஒத்திருக்கின்றன. குழி அப்படியே கிடந்து பக்கங்கள் தளர்ந்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே எடுத்துவிடுங்கள்.